நம் உரிமைக்குக் கடன்பட்டவர் யார்?

அண்மையில் ஒரு மாணவர் பயிலரங்கில் சுவரில் பெரிய தாள் ஒட்டி, நடுவில் கோடு போட்டோம். இடப்பக்கம் "நமக்குள்ள உரிமைகள்" என்று தலைப்பிட்டோம். பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் நிரம்பிவிட்டது. கல்வி, குடிநீர், சட்டப்படியான கூலி, கோயில் நுழைவு, பொதுக்குளம், சுடுகாட்டுப் பாதை என்று தோழர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். பிறகு வலப்பக்கத்தை நிரப்பச் சொன்னோம். அங்கே தலைப்பு: "இதைச் செய்து தர வேண்டியவர் யார்? பெயர் வேண்டாம், பதவி போதும்."

அறை அமைதியானது. கடைசியில் எல்லா வரிக்கும் நேராக இரண்டே சொற்கள் வந்தன. ஒன்று "அரசு". இன்னொன்று "சமூகம்". முதலாமாண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தோழர், உரிமையைக் கேக்குறதுக்கு முன்னாடி நாம நம்ம கடமையைச் செய்யணும்னுதானே ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்க?"

அவர் மட்டுமல்ல, நம்மில் பலரும் அப்படித்தான் படித்தோம். தாசில்தார் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும்போதும் அதே வாக்கியம்தான் நமக்கு அறிவுரையாக வருகிறது. அந்தப் பாடத்தில் ஒரு பிழை இருக்கிறது. உரிமைக்கு நேர் எதிரே கடமை நிற்கிறது என்பது சரி. ஆனால் என் உரிமைக்கு எதிரே நிற்பது என் கடமை அல்ல, இன்னொருவருடைய கடமை. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மனு எழுதும் முறை மாறும், போராட்டக் கோரிக்கை மாறும், காவல் நிலையத்தில் நாம் நிற்கும் விதமும் மாறும்.

கடன் என்ற பழைய சொல்

தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு, திருப்பித் தர வேண்டிய பணம் என்றும் பொருள் உண்டு. சட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் போதும். நாம் ஒருவருக்கு 500 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அதைத் திரும்பப் பெறும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமை எங்கே இருக்கிறது? நம் சட்டைப்பையில் இல்லை. திருப்பித் தர வேண்டிய அவருடைய கடமையில் இருக்கிறது. அவரிடமிருந்து பார்த்தால் கடன், நம்மிடமிருந்து பார்த்தால் உரிமை. பொருள் ஒன்றுதான், பார்க்கும் பக்கம்தான் வேறு.

இதை முறையாகப் பிரித்துக் காட்டியவர் வெஸ்லி ஹோஃபெல்ட் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர். 1913இல் யேல் பல்கலைக்கழகச் சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் சட்டக் கல்லூரிகளில் வாசிக்கிறார்கள். உரிமை என்ற ஒரே சொல்லால் நாம் பல வேறு நிலைகளைக் குறித்துக் குழப்பிக்கொள்கிறோம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவர் பிரித்தவற்றில் நமக்கு அவசரமாகத் தேவைப்படுவது இரண்டு.

ஒன்று, கண்டிப்பான பொருளில் உரிமை. இதற்கு எதிரே ஒருவருடைய கடமை கட்டாயம் இருக்கும். இன்னொன்று வெறும் சுதந்திரம். நான் ஒன்றைச் செய்யலாம், செய்தால் குற்றமில்லை, அவ்வளவுதான். அதைச் செய்ய எனக்கு வழிவிட வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் "போய்க்கோப்பா" என்று சொன்னதால் அவர் வரப்பில் நடக்கிறோம் என்றால் அது சுதந்திரம். நாளை அவர் "போகாதே" என்றால் அது முடிந்துபோகும். அதே இடம் அரசுப் பதிவேட்டில் பாதையாக இருந்தால் நாம் நடப்பது உரிமை. வழிமறிக்கக் கூடாது என்பது அவருடைய கடமை. அவர் நல்லவரா கெட்டவரா, நேற்று என்ன சொன்னார், நாம் அவரிடம் பணிவாகப் பேசினோமா என்பதெல்லாம் அங்கே பொருட்டல்ல. நடப்பதைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தடுக்கப்படும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

சாதிக்கும் இந்தக் கணக்கு தெரியும்

சாவுச் செய்தி சொல்லப் போவது, பறையடிப்பது, குழி வெட்டுவது, செத்த மாட்டைத் தூக்குவது ஆகியவற்றை நம் தாத்தா பாட்டி காலத்தில் ஊர் எப்படிச் சொன்னது? "உங்க கடமை" என்றுதான். கடமை என்று ஒன்று இருந்தால் அதைக் கேட்டு வாங்கும் உரிமை எதிரே ஒருவரிடம் இருந்தாக வேண்டும். இருந்தது, ஊர்த்தெருவில். அழைத்தால் வர வேண்டியது சேரியின் கடமை, அழைப்பது ஊரின் உரிமை. பதிலுக்குக் களத்தில் அளந்த நெல்லோ நமக்கு உரிமை அல்ல, அவர்கள் மனம் வைத்துக் கொடுத்தது. குறைத்து அளந்தாலும் கேட்க முடியாது. ஆக, சாதி என்பது வெறும் வெறுப்பு மட்டுமல்ல. உரிமைகளை எல்லாம் ஒரு பக்கமும் கடமைகளை எல்லாம் இன்னொரு பக்கமும் அள்ளி வைத்த ஓர் ஏற்பாடு.

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு இந்த ஏற்பாட்டைத்தான் வெட்டியது. அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். "இவர்களுக்கு இன்ன உரிமை உண்டு" என்று அது தொடங்கவில்லை. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது தடைசெய்யப்படுகிறது, அதன் பெயரால் எவர் மீதும் ஓர் இயலாமையைச் சுமத்துவது குற்றம் என்று சொல்கிறது. அதாவது கடமையின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பிரிவு அது. அந்தக் கடமையும் அரசின் மீது மட்டும் சுமத்தப்பட்டதல்ல. டீக்கடைக்காரர், நிலக்காரர், கோயில் தர்மகர்த்தா என்று ஒவ்வொரு தனிமனிதர் மீதும் சுமத்தப்பட்டது. அந்தக் கடமையின் மறுபக்கம்தான் நம் உரிமை. சேரியின் கடமையாக இருந்த குழி வெட்டுதலையும் பிணம் தூக்குதலையும் இன்று பட்டியல் சாதியினர் மீது திணிப்பவருக்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. பழைய கடமை குற்றமாகவே திருப்பி எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் அரசியலமைப்பில் உள்ள அடிப்படைக் கடமைகள்? 51-ஏ பிரிவு 1976இல் 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் 26 ஆண்டுகள் அடிப்படை உரிமைகள் அந்தப் பட்டியல் இல்லாமலே நடைமுறையில் இருந்தன. அந்தக் கடமைகளைச் செய்தவருக்குத்தான் உரிமை என்று எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. நமக்கும் கடமைகள் உண்டு, மறுக்கவில்லை. அவை மற்றவர்களின் உரிமைகளுக்கு எதிரே நிற்பவை. நம் உரிமைக்கு நாம் கட்ட வேண்டிய விலை அல்ல.

ஒரு பாதையின் கதை

எங்கள் குழு வேலை செய்யும் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்க்கிறோம்.

சுமார் 60 வீடுகள் உள்ள காலனி. சுடுகாடு ஏரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இரு நிலங்களுக்கு நடுவே போகும் பாதை ஒன்றுதான் வழி. ஒரு கோடையில் நிலக்காரர் பாதையின் குறுக்கே முள்வேலி அடைத்தார். சில வாரங்களில் காலனியில் ஒரு பாட்டி இறந்தார். பாடையைத் தூக்கிக்கொண்டு போனவர்களை வேலி அருகே பத்துப் பதினைந்து பேர் மறித்தார்கள். சாதிப் பேரைச் சொல்லித் திட்டினார்கள். வெயிலில் ஐந்து மணி நேரம் பாடை தரையில் இருந்தது. வருவாய்த் துறையும் காவல்துறையும் வந்து பேசி, மாலையில் வேலியின் ஒரு பகுதியைப் பிரித்துவிட்டார்கள். அடக்கம் முடிந்தது.

அப்போது அதிகாரி ஒருவர் பாட்டியின் மகனிடம் சொன்ன வாக்கியம் எங்கள் காதில் இன்னும் இருக்கிறது: "இந்த ஒரு தடவை விடச் சொல்லிப் பேசியிருக்கோம் பெரியவரே. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க." அந்தத் தாளில் இருந்தது இதுதான்: நிலக்காரர் மனமுவந்து வழிவிட்டார், இரு தரப்பும் சமாதானமாகப் போகிறோம்.

இதில் நடந்ததைக் கவனியுங்கள். பிரச்சினை தீர்ந்ததுபோலத்தான் தெரிகிறது. உண்மையில், உரிமையாக இருக்கக்கூடிய ஒன்று "இந்த ஒரு தடவை" என்ற சொல்லால் அனுமதியாகச் சுருங்கிவிட்டது. நிலக்காரர் கடமையை மீறியவர் என்ற இடத்திலிருந்து உபகாரம் செய்தவர் என்ற இடத்துக்கு ஏறிவிட்டார். நாம் உரிமையாளர் என்ற இடத்திலிருந்து நன்றி சொல்ல வேண்டியவர் என்ற இடத்துக்கு இறங்கிவிட்டோம். அமைதிப் பேச்சுவார்த்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. அந்தப் பெரியவர் அன்று கையெழுத்துப் போடவில்லை. "அம்மாவ அடக்கம் பண்ணிட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்கே பிறகுதான் விளங்கியது.

முதல் கேள்வி: பாதை யாருடையது?

மறுநாள் செய்த முதல் வேலை, நிலப் பதிவேடுகளைப் பார்த்தது. புல எண்ணுக்கான புலப்படத்தின் நகலும், அ-பதிவேட்டின் பக்கமும் வாங்கினோம். அந்த நீளத் துண்டு பட்டா நிலத்தில் வருகிறதா, புறம்போக்கில் வருகிறதா என்பதைப் பொறுத்துக் கடன்பட்டவர் மாறுவார்.

அது பாதைப் புறம்போக்கு என்றால் வேலி போட்டது ஆக்கிரமிப்பு. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து, 6ஆம் பிரிவுப்படி அகற்ற வருவாய்த் துறைக்கு வழி இருக்கிறது.

பட்டா நிலம் என்றால் கணக்கு வேறு. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமை என்ற நிலையில் பயன்படுத்திய பாதையை உரிமையாக ஏற்கிறது. "உரிமை என்ற நிலையில்" என்பதுதான் இங்கே முக்கியம். அனுமதி கேட்டு நடந்திருந்தால் 50 ஆண்டு நடந்தாலும் கணக்கில் வராது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாததன் பலன் இதுதான். நிலக்காரர் மனமுவந்து விட்டார் என்று நாமே எழுதிக் கொடுத்தால், அனுமதியின் பேரில்தான் நடந்தோம் என்பதற்கு நாமே சாட்சியாகிறோம். காலக்கெடுவும் உண்டு. அந்த 20 ஆண்டு, வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். வேலி அடைத்தபின் "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இரண்டும் இல்லையென்றால், பாதைக்கென்று நிலத்தைக் கையகப்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்க தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது ஆட்சியருக்கு அதிகாரம் தரும் சட்டம். "எடுக்கலாம்" என்பதும் "எடுத்தாக வேண்டும்" என்பதும் ஒன்றல்ல. அதிகாரம் உள்ளவரிடம் கோரிக்கைதான் வைக்க முடியும். கடமை உள்ளவரிடம்தான் கணக்குக் கேட்க முடியும். நம் மனுக்களில் இந்த இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் பல மனுக்கள் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலோடு திரும்பி வருகின்றன.

இந்த ஊரில் புலப்படம் நமக்குச் சாதகமாக இருந்தது. வாய்க்கால் வரை பாதைப் புறம்போக்கு. அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாக ஒருவரிடம் கும்பிடு போட்டு நடந்தது அவருடைய நிலத்தில் அல்ல, பொதுப்பாதையில்.

காவல் நிலையத்தில் யார் யாருக்கு என்ன கடமை

பாதையைப் பயன்படுத்தவிடாமல் மறித்தது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, 3(1)(இசட்.ஏ.) என்ற உட்பிரிவு சுடுகாடு, நீர்நிலை, பாதை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. குற்றம் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும்.

நிலையத்தில் முதலில் கிடைத்தது மனு ஏற்பு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். "விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடுறோம், 14 நாள் டைம் இருக்கு" என்றார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவில், சில வகைக் குற்றங்களுக்கு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் இருப்பது உண்மைதான். ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் 18-ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. 2018 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அப்படியொரு விசாரணையைக் கொண்டுவந்தபோது நாடு முழுக்க எழுந்த போராட்டத்துக்குப் பின் நாடாளுமன்றம் சேர்த்த பிரிவு இது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே இது செல்லும் என்றது.

இங்கேதான் 4ஆம் பிரிவைக் கையில் எடுக்க வேண்டும். பெரும்பாலான தோழர்கள் 3ஆம் பிரிவை மனப்பாடமாகச் சொல்வார்கள், 4ஐப் படித்திருக்க மாட்டார்கள். 3ஆம் பிரிவு வன்கொடுமை செய்தவரின் கடமை மீறலைப் பேசுகிறது. 4ஆம் பிரிவு அரசு ஊழியரின் கடமைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தின் சரியான பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். அதன் நகலை உடனே கொடுக்க வேண்டும். சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே இவற்றைச் செய்யத் தவறினால், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

எங்கள் முதல் மனு வழக்கமான நடையில் இருந்தது: "தாங்கள் தயவுகூர்ந்து தக்க நடவடிக்கை எடுத்து எங்களுக்கு நீதி வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." யாருக்கும் இதில் கடமை இல்லை. தயவுதான் இருக்கிறது. இரண்டாவது மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பினோம். அதில் இப்படி எழுதினோம்: "இன்ன தேதி, இன்ன மணிக்குப் புகார் கொடுத்தோம். 4(2) பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். பதிந்து நகல் தருவது நிலைய அலுவலரின் கடமை. இதுவரை தரப்படவில்லை. 7ஆம் விதிப்படி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அலுவலரே விசாரிக்க வேண்டும். நியமிக்கப்பட்டவரின் பதவியைத் தெரிவிக்கவும்." கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. மூன்று நாளில் எஃப்.ஐ.ஆர். வந்தது.

வந்ததும் கொண்டாடிவிடக் கூடாது, வாசிக்க வேண்டும். சட்டம், பிரிவு என்ற கட்டத்தைத்தான் முதலில் பாருங்கள். தடுத்தல், திட்டுதல் என்ற பொதுச் சட்டப் பிரிவுகள் மட்டும் இருந்து வன்கொடுமைச் சட்டம் விடுபட்டிருந்தால், டி.எஸ்.பி. விசாரணை, நிவாரணம், சிறப்பு நீதிமன்றம் ஆகிய எல்லாம் அதோடு விடுபட்டுப் போகும். அடுத்து, தகவல் கிடைத்த தேதியும் நேரமும். நாம் புகார் கொடுத்த நாளுக்குப் பதில் எஃப்.ஐ.ஆர். எழுதிய நாளை அங்கே போட்டால், தாமதம் நம்முடையதுபோல் ஆகிவிடும். எங்கள் நகலில் அப்படித்தான் இருந்தது. சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருந்ததால் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்க முடிந்தது.

நிவாரணத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். அதைக் கருணைத் தொகை என்று நம்மவர்களே சொல்கிறார்கள். 12(4) விதி, ஏழு நாளுக்குள் நிவாரணம் வழங்கும் பொறுப்பை மாவட்ட நிர்வாகத்தின் மீது சுமத்துகிறது. பாதை மறிப்புக்கு மத்திய விதிகளின் அட்டவணை சொல்வது 1,00,000 ரூபாய்: எஃப்.ஐ.ஆர். நிலையில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் 50, தண்டனை வந்தபின் 25. அதற்கும் மேலாக அந்த அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது: பாதையையும் சுடுகாட்டையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை அரசு தன் செலவில் மீட்டுத் தர வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு வேலியை அப்படியே விடுவது அந்த விதியின் நோக்கமே அல்ல. நாங்கள் ஆட்சியருக்கு எழுதியது இந்த வரியை வைத்துத்தான். அளவையர் வந்து கல் நட்டார். வேலி போனது.

கடமை எங்கே பலவீனமாக இருக்கிறது

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த தகவல் அந்தக் குடும்பத்துக்கு வரவே இல்லை. எதிரிகள் வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 15-ஏ பிரிவில் உரிமையும் கடமையும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன: ஜாமீன் உட்பட எல்லா நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தகவல் பெறும் உரிமை உண்டு; சிறப்பு அரசு வழக்கறிஞரோ மாநில அரசோ அதைத் தெரிவிக்க வேண்டும். ஜாமீன் விசாரணையில் நம் தரப்பைச் சொல்லவும் அதே பிரிவு இடம் தருகிறது. ராஜஸ்தானில் ஒரு கொலை வழக்கில் இப்படித் தகவல் தராமல் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஹரிராம் பம்பி வழக்கு என்று தேடிப் படியுங்கள். இந்தத் தகவல் தருவது வெறும் சம்பிரதாயம் அல்ல, கட்டாயம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

ஒரு சட்ட உரிமையின் பலத்தை நாங்கள் நான்கு கேள்விகளால் சோதிக்கிறோம். யார் செய்ய வேண்டும்? என்ன செய்ய வேண்டும்? எத்தனை நாளில்? செய்யாவிட்டால் அவருக்கு என்ன ஆகும்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்குக்கும் விடை சொல்கிறது: பொதுத் தகவல் அலுவலர், கேட்ட தகவல், 30 நாள், தவறினால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அவர் மீது அபராதம். வன்கொடுமைச் சட்டத்தில் முதல் மூன்றுக்கும் தெளிவான விடை இருக்கிறது. நான்காவதில்தான் ஓட்டை. 4ஆம் பிரிவின்படி அரசு ஊழியர் மீது வழக்குப் பதிய, நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். அதாவது கடமை தவறியவரா என்று முதலில் முடிவு செய்வது அவர் சார்ந்த நிர்வாகமே. அதற்குமேல் "வேண்டுமென்றே" தவறினார் என்று காட்ட வேண்டும். எங்கள் புகாரின் மீது நிர்வாக விசாரணை தொடங்கியதா என்ற கேள்விக்கு இன்றுவரை நேரடிப் பதில் இல்லை.

கடன் கொடுத்தவர் வசூலிக்க முடியாதபடி கடன்பட்டவரின் வீட்டுக்காரரையே நடுவராக வைத்தால், அந்தக் கடன் எப்படித் திரும்பும்? "வன்கொடுமைச் சட்டத்தை முறையாக அமல்படுத்து" என்ற நம் முழக்கத்தை இனி இன்னும் கூர்மையாக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். 4ஆம் பிரிவின் நிர்வாக விசாரணைக்குக் காலக்கெடு வேண்டும், அது அந்தத் துறைக்கு வெளியே உள்ளவர்களால் நடத்தப்பட வேண்டும், அறிக்கை புகார்தாரருக்குத் தரப்பட வேண்டும். 17ஆம் விதிப்படி ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் இந்தக் கேள்வியை வைக்கலாம்: இந்தக் காலாண்டில் 60 நாள் தாண்டிய வழக்குகள் எத்தனை, எத்தனையில் எழுத்தில் காரணம் இருக்கிறது? தகவல் அறியும் மனுவாகவும் இதைக் கேட்கலாம்.

கோடு நம் வீட்டிலும் ஓடுகிறது

இந்தக் கணக்கை நமக்குச் சாதகமான இடத்தில் மட்டும் போட முடியாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் குற்றப்பத்திரிகை நகல் பெறும் உரிமையும் உண்டு. அவற்றுக்கு எதிரே நிற்பது அரசின் கடமை. அதைப் பார்த்து நாம் பதற வேண்டியதில்லை. நடக்காததைச் சேர்த்து எழுதாமல், நடந்ததை நடந்தபடி புகாரில் எழுதுவது அவருக்கு நாம் பட்ட கடன்.

இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. அந்தப் பயிலரங்கில் மதியத்துக்குப் பிறகு ஒரு மாணவி எழுந்து, தாளின் இடப்பக்கத்தில் "அப்பா சொத்தில் பங்கு" என்று எழுதினார். தமிழ்நாட்டில் 1989இலேயே திருத்தம் வந்து, மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு சட்டத்தில் இருக்கிறது. வலப்பக்கத்தில் யார் பெயரை எழுதுவது? இந்த முறை "அரசு" என்றோ "சமூகம்" என்றோ யாரும் சொல்லவில்லை. மேடையில் நன்றாக முழங்கும் தம்பி ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு "அண்ணன், தம்பி" என்றார். கடன்பட்டவர் நாமாக இருக்கும்போதும் அதே கணக்குத்தான்.

அந்தத் தாளை இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். வலப்பக்கத்தில் "அரசு" என்று இருந்த இடங்களை ஒவ்வொன்றாக அடித்து, பதவியும் பிரிவும் நாட்களும் எழுதி வருகிறோம். சுடுகாட்டுப் பாதைக்கு நேராக இன்று நான்கு பதவிகள் இருக்கின்றன: தாசில்தார், நிலைய அலுவலர், டி.எஸ்.பி., ஆட்சியர். குடிநீர் வரி இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் ஊரில் அதற்குக் கடன்பட்டவர் யார் என்று பார்த்து எழுதுங்கள்.